அடி செட்டப்பிலா, விதி மீறலிலா? ஒரு டிரேடிங் ஜர்னலின் கட்டங்கள்

"சார், மூன்று மாதமாக என்.எஸ்.இ. பங்குகளில் இன்ட்ராடே செய்கிறேன். ஒரு டிரேடுக்கு 1,000 ரூபாய் ரிஸ்க், டார்கெட் அதைப்போல இரண்டு மடங்கு. இதுதான் என் விதி. இதுவரை 84 டிரேடு. ஷீட்டில் கூட்டினால் 11,840 ரூபாய் நஷ்டம் வருகிறது. அக்கவுண்டில் 19,400 குறைந்திருக்கிறது. ஓ.ஆர்.பி., விவாப் புல்பேக், நேற்றைய ஹை ரிவர்சல் என்று மூன்று செட்டப் வைத்திருக்கிறேன். ஓ.ஆர்.பி.யில்தான் அதிக அடி. அதை விட்டுவிடலாமா? ஷீட்டையும் சார்ட் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் இணைத்திருக்கிறேன்."
– ஒரு வாசகர், திருப்பூர்

இப்போதைக்கு ஓ.ஆர்.பி.யை, அதாவது சந்தை திறந்த முதல் சில நிமிடங்களின் விலை வரம்பை உடைக்கும்போது எடுக்கும் டிரேடை, விட வேண்டாம். உங்கள் ஷீட் அதன்மேல் பழி போடுகிறது, ஆனால் பழி போடுவதற்குத் தேவையான தகவல் அந்த ஷீட்டிலேயே இல்லை. தேதி, பங்கு, செட்டப், வாங்கிய விலை, விற்ற விலை, எண்ணிக்கை, லாப நஷ்டம், குறிப்பு என்று எட்டுக் கட்டம் வைத்திருக்கிறீர்கள். எல்லாமே நடந்து முடிந்ததைச் சொல்பவை. விதிப்படி போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. அது இல்லாதவரை செட்டப் தந்த அடியும் உங்கள் கை தந்த அடியும் ஒரே எண்ணுக்குள் கலந்தேதான் கிடக்கும்.

முதலில் அந்த 7,560 ரூபாய் வித்தியாசத்தைப் பார்த்துவிடலாம். அது முழுக்கக் கட்டணம். உங்கள் டிரேடுகளின் அளவுக்கு ப்ரோக்கரேஜ், எஸ்.டி.டி., எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஸ்டாம்ப் டியூட்டி, ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்து ஒன்றுக்குச் சுமார் 90 ரூபாய் ஆகிறது. விலை நஷ்டத்தின்மேல் இன்னொரு 64 சதவீதம் இது. உங்களுக்கு மட்டும் இப்படி இல்லை. ரொக்கச் சந்தை இன்ட்ராடே பற்றி செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வில், 2022-23ல் நஷ்டப்பட்டவர்கள் தங்கள் டிரேடிங் நஷ்டத்தின்மேல் மேலும் 57 சதவீதத்தைக் கட்டணமாகவே கொடுத்திருந்தார்கள். ஆகவே கட்டணம் தனிக் கட்டமாக ஒவ்வொரு வரியிலும் இருக்கட்டும். மாதக் கடைசியில் மொத்தமாகக் கழித்தால் எந்த செட்டப் கட்டணத்தைத் தாங்குகிறது, எது தாங்கவில்லை என்பது தெரியாது.

இனி ஷீட்டின் அமைப்பு. டிரேடுக்கு முன்னால் நிரப்ப வேண்டியது ஒரு பகுதி, பின்னால் நிரப்ப வேண்டியது ஒரு பகுதி, தானாகக் கணக்கிடுவது ஒரு பகுதி.

முன்னால் நிரப்புபவை A முதல் G வரை: தேதியும் நேரமும், பங்கு, செட்டப், பக்கம் (வாங்கினால் 1, ஷார்ட் என்றால் −1), திட்ட என்ட்ரி, திட்ட ஸ்டாப், திட்ட எண்ணிக்கை. ஆர்டர் போடும் முன் இவை எழுதப்பட்டிருக்க வேண்டும். என்ட்ரி ஆனபிறகு எழுதினால் திட்டம் விலைக்குத் தக்கபடி வளைந்துகொள்ளும். ஓ.ஆர்.பி. 9:30க்குமேல் வருவதால் ஒரு வரி தட்ட நேரம் இருக்கிறது.

பின்னால் நிரப்புபவை H முதல் M வரை: உண்மை என்ட்ரி, உண்மை எக்ஸிட், உண்மை எண்ணிக்கை, கட்டணம், மீறல், திட்டப்படி எக்ஸிட். கடைசி மூன்றும்தான் உங்களிடம் இல்லாதவை.

N முதல் Q வரை ஃபார்முலா:

```
N2: =IF(G2=0,1000,ABS(E2-F2)*G2)
O2: =((I2-H2)*D2*J2-K2)/N2
P2: =IF(G2=0,0,((M2-E2)*D2*G2-K2)/N2)
Q2: =O2-P2
```

N என்பது அந்த டிரேடில் நீங்கள் இழக்கத் தயாராக இருந்த ரூபாய். இதைத்தான் ஒரு ஆர் என்கிறோம். O உண்மையில் கிடைத்த ஆர், P விதிப்படி போயிருந்தால் கிடைத்திருக்கும் ஆர், Q இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது மீறலின் விலை. திட்டமே இல்லாமல் எடுத்த டிரேடுக்கு G காலியாக இருக்கும். அப்போது P பூஜ்யம் ஆகிவிடும், ஏனென்றால் அந்த டிரேடு இருந்திருக்கவே கூடாது. அதில் வந்த லாபமோ நஷ்டமோ முழுதும் மீறலின் கணக்கில் போகும்.

உங்கள் ஷீட்டிலிருந்தே ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். 640 ரூபாயில் ஒரு வங்கிப் பங்கு, ஸ்டாப் 635, 200 பங்கு. ஒரு ஆர் என்பது 1,000 ரூபாய். விலை 635ஐ நெருங்கியதும் ஸ்டாப் ஆர்டரை எடுத்துவிட்டு 629ல் வெளியே வந்திருக்கிறீர்கள். நஷ்டம் 2,200, கட்டணம் 90, ஆக −2.29 ஆர். ஸ்டாப்பில் வந்திருந்தால் −1.09. உங்கள் ஷீட் இதை ஓ.ஆர்.பி.யின் 2,200 ரூபாய் நஷ்டம் என்று மட்டும் சொல்கிறது. புது ஷீட் ஓ.ஆர்.பி.க்கு 1.09ஐயும், ஸ்டாப்பைத் தள்ளியதற்கு 1.20ஐயும் தனித்தனியாக எழுதுகிறது.

M கட்டத்தை நிரப்புவதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். 'நான் கட்டாயம் டார்கெட்வரை வைத்திருந்திருப்பேன்' என்று மனசு சொல்வதை எழுதினால் அந்தக் கட்டத்துக்கு மதிப்பே இல்லை. அதனால் யோசிக்க இடம் கொடுக்காத ஒரு முறை வேண்டும். அன்று மாலையே 5 நிமிட சார்ட்டைத் திறந்து, என்ட்ரிக்குப் பிறகு ஸ்டாப் முதலில் வந்ததா, டார்கெட் முதலில் வந்ததா என்று பாருங்கள். எது முதலில் வந்ததோ அந்த விலைதான் M. இரண்டும் ஒரே கேண்டிலுக்குள் வந்திருந்தால் ஸ்டாப் என்றே எழுதுங்கள். இரண்டும் வரவில்லை என்றால் 3:15 விலை. டார்கெட்டும் ஸ்டாப்பும் எண்ணாக இருப்பதால்தான் இது உங்களுக்குச் சாத்தியம். கண்ணால் பார்த்து ட்ரெயில் செய்கிறவரால் இந்தக் கட்டத்தை நேர்மையாக நிரப்ப முடியாது. அவர் முதலில் ட்ரெயிலிங்கை விதியாக எழுதியாக வேண்டும்.

மீறல் கட்டத்தில் வாக்கியம் எழுதக் கூடாது. 'கொஞ்சம் தள்ளினேன்', 'லேட்டாயிடுச்சு', 'பயத்தில வந்துட்டேன்' என்று குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, கூட்ட முடியவில்லை. டிராப்டவுன் வைத்து ஐந்தாறு சொற்களுக்குள் அடக்குங்கள்: ஸ்டாப் தள்ளல், துரத்தல், அவசர எக்ஸிட், அதிக அளவு, திட்டமில்லை, எடுக்காமல் விட்டது. ஒரே டிரேடில் இரண்டு மீறல் இருந்தால் முதலில் நடந்ததை எழுதுங்கள், பெரும்பாலும் அதுதான் அடுத்ததை இழுத்து வருகிறது. மீறல் இல்லை என்றால் 'சுத்தம்' என்று எழுதுங்கள். காலியாக விட்டால் சுத்தமா, மறந்துவிட்டதா என்று பிறகு உங்களுக்கே தெரியாது.

செட்டப் வந்தும் எடுக்காமல் விட்டதற்கும் ஒரு வரி உண்டு. திட்டம் இருக்கும், உண்மை எண்ணிக்கை பூஜ்யம். உங்கள் ஷீட்டில் இப்படி ஒன்றுகூட இல்லை. மூன்று மாதத்தில் ஒரு செட்டப்பையும் விடாமல் பிடித்தேன் என்பதை நான் நம்பவில்லை. இரண்டு நஷ்டத்துக்குப் பிறகு பயந்து விட்ட டிரேடுகள் நிச்சயம் இருக்கும், அவற்றில் பல வெற்றியாகவும் இருந்திருக்கலாம்.

மனநிலைக்குக் கட்டம் வேண்டுமா என்று கேட்பீர்கள். என் அபிப்பிராயத்தில் வேண்டாம். மாலையில் 'கோபம்' என்று எழுதுவது, நஷ்டத்தைப் பார்த்துவிட்டு எழுதும் கோபம். அதைவிட A கட்டத்தில் இருக்கும் நேரம் அதிகம் பேசும். எப்படி என்று கீழே பார்ப்போம்.

உங்கள் ஸ்கிரீன்ஷாட்டுகளில் என்ட்ரி, ஸ்டாப் கோடுகள் இருந்ததால் 84 டிரேடையும் இந்த அமைப்பில் போட முடிந்தது. ஆர் கணக்கில், கட்டணம் போக:

| செட்டப் | டிரேடு | கிடைத்தது | திட்டப்படி | மீறலின் விலை |
|---|---|---|---|---|
| ஓ.ஆர்.பி. | 28 | −9.6 | +2.8 | −12.4 |
| விவாப் புல்பேக் | 30 | +4.2 | +7.1 | −2.9 |
| நேற்றைய ஹை ரிவர்சல் | 14 | −3.5 | −4.7 | +1.2 |
| செட்டப் இல்லை | 12 | −10.5 | 0 | −10.5 |
| மொத்தம் | 84 | −19.4 | +5.2 | −24.6 |

கடைசிக்கு முந்தைய வரியைப் பாருங்கள். அப்படி ஒரு வரி உங்கள் ஷீட்டில் இல்லை, ஏனென்றால் உங்கள் டிராப்டவுனில் 'இல்லை' என்ற வாய்ப்பே இல்லை. ஏதாவது ஒரு செட்டப் பெயரைப் போட்டாக வேண்டியிருந்தது, போட்டுவிட்டீர்கள். அந்த 12ல் 8ஐ ஓ.ஆர்.பி. என்று எழுதியிருக்கிறீர்கள். ஓ.ஆர்.பி. என்ட்ரி 10:30க்குள் என்பது உங்கள் விதி. மதியம் ஒரு மணிக்குமேல் அன்றைய ஹையை உடைத்ததற்காக வாங்கியதெல்லாம் எப்படி ஓ.ஆர்.பி. ஆகும்? ஓ.ஆர்.பி. இவ்வளவு மோசமாகத் தெரிந்ததற்குப் பாதிக் காரணம் இந்த இரவல் பெயர்.

மீதிக் காரணம், உண்மையான ஓ.ஆர்.பி. டிரேடுகளுக்குள் இருக்கிறது. அந்த 28ல் 13 சுத்தம். 7ல் ஸ்டாப்பைத் தள்ளியிருக்கிறீர்கள், 8ல் துரத்தியிருக்கிறீர்கள். இந்த இரண்டு மீறலும் வேலை செய்யும் விதம் வேறு.

துரத்தல் ஒரு நிலையான சுங்கம். உங்கள் வரி ஒன்று: திட்ட என்ட்ரி 412, ஸ்டாப் 408, 250 பங்கு. வாங்கியது 413.60ல். ஸ்டாப்பில் போனால் 1,000க்குப் பதில் 1,400 போகும். டார்கெட் 420 வந்தால் 2,000க்குப் பதில் 1,600தான் வரும். தோற்றாலும் ஜெயித்தாலும் 0.4 ஆர் போய்விடுகிறது. ஜெயித்த நாளில் அது கண்ணில் படுவதில்லை, Q கட்டம் மட்டும் அதைப் பிடிக்கும். எட்டு டிரேடில் இப்படிப் போனது 3.4 ஆர்.

ஸ்டாப் தள்ளல் வேறு ரகம். ஏழில் இரண்டு தடவை விலை திரும்பி என்ட்ரி விலைக்கே வந்தது, அசலோடு தப்பித்தீர்கள். அந்த இரண்டில் மீறல் உங்களுக்கு ஒவ்வொரு ஆர் மிச்சம் பிடித்துத் தந்தது. மற்ற ஐந்தில் சேர்ந்து 11 ஆர் போனது. ஆக நிகரம் −9. அந்த இரண்டு தப்பித்தல்தான் மூன்றாவது, நான்காவது தடவையும் ஸ்டாப்பில் கைவைக்கச் சொல்கிறது. வெற்றி விகிதத்தை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

இப்போது நேரக் கட்டத்துக்கு வருவோம். மீறல் வரிகளை நேர வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். திட்டமில்லாத 12 டிரேடில் 7, ஸ்டாப்பைத் தள்ளி அடிவாங்கிய அந்த ஐந்து நாட்களில், அடிக்குப் பிறகு வந்தவை. அவற்றின் விலை 6.8 ஆர். ஸ்டாப் தள்ளலின் 9ஐயும் சேர்த்தால் 15.8. மொத்த மீறல் 24.6ல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, ஒரே பழக்கத்திலிருந்து கிளம்பியிருக்கிறது. காலையில் 3 ஆர் போய்விடும், அதை மீட்க மதியம் இல்லாத செட்டப்பைத் தேடுவீர்கள். பழிவாங்கும் டிரேடு என்று தனியாக ஒரு வியாதி உங்களுக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை. பெரும்பாலும் காலையில் தள்ளிய ஸ்டாப்பின் பாக்கிதான் அது.

அதனால் மாற்ற வேண்டியது இரண்டுதான். என்ட்ரி ஆன உடனே ஸ்டாப் ஆர்டர் சிஸ்டத்தில் இருக்க வேண்டும், அதில் கைவைத்தால் அது ஸ்டாப் தள்ளல் என்றே பதிவாக வேண்டும், காரணம் எதுவாக இருந்தாலும் சரி. அப்புறம், ஒரு நாளில் −2 ஆர் வந்ததும் அன்று கடையை மூடிவிடுங்கள். பல ப்ரோக்கர்களின் ஆப்பில் கில் ஸ்விட்ச் இருக்கிறது, அதைப் போட்டால் அன்று மறுபடி ஆர்டர் போட முடியாது. ஸ்டாப்பைத் தள்ளி அடிவாங்கிய ஐந்து நாளிலும் நஷ்டம் 2 ஆரைத் தாண்டியிருந்தது. இந்தப் பூட்டு இருந்திருந்தால் அந்த ஏழு டிரேடும் நடந்திருக்காது. துரத்தலுக்குப் புது விதி வேண்டாம், என்ட்ரியை மார்க்கெட் ஆர்டராகப் போடாமல் லிமிட்டோடு போட்டால் பெரும்பகுதி அடங்கிவிடும். சில டிரேடு கிடைக்காமல் போகும், அதை 'எடுக்காமல் விட்டது' வரியில் எழுதுங்கள். அந்த வரிகளின் கூட்டல் 3.4 ஆருக்கு மேல் போனால் லிமிட்டைக் கொஞ்சம் தளர்த்துவது பற்றி யோசிக்கலாம்.

அவசர எக்ஸிட் கொஞ்சம் விசித்திரம். விவாப் புல்பேக்கில் 11 தடவை டார்கெட்டுக்கு முன் வந்துவிட்டதால் 2.9 ஆர் குறைந்தது. நேற்றைய ஹை ரிவர்சலில் 4 தடவை அப்படியே செய்து 1.2 ஆர் மிச்சமானது. 'அப்போ ரிவர்சலில் சீக்கிரம் வந்துவிடுவதே நல்லது' என்று உடனே விதியை மாற்றத் தோன்றும். நான்கு டிரேடை வைத்து மாற்றாதீர்கள். மீறல் பணம் தந்தாலும் அது மீறல் என்றே பதிவாகட்டும். அப்படி 25, 30 சேர்ந்து, அப்போதும் கூட்டலிலேயே இருந்தால் அதைச் சோதிக்க வேண்டிய புதிய விதியாக எடுத்துக்கொள்ளலாம்.

மீறலைப் பற்றி நான் உறுதியாகப் பேசுவதைப்போல செட்டப்பைப் பற்றிப் பேசாததற்குக் காரணம் உண்டு. 1 ஆர் ஸ்டாப், 2 ஆர் டார்கெட் வைத்த டிரேடுகளின் முடிவு சராசரியிலிருந்து சுமார் 1.4 ஆர் அளவுக்கு அங்குமிங்கும் சிதறும். 30 டிரேடின் சராசரியில் அதனால் வரும் நிச்சயமின்மை கால் ஆர். ஓ.ஆர்.பி.யின் திட்டப்படி சராசரி 0.1 ஆர்தான். அதில் மிகப் பெரிய இரண்டு வெற்றிகளை எடுத்துவிட்டால் +2.8 என்பது −1 ஆகிவிடும். ஆகவே ஓ.ஆர்.பி. நல்ல செட்டப் என்றும் நான் சொல்லவில்லை. கெட்டது என்று சொல்ல ஆதாரம் இல்லை, அவ்வளவுதான். விவாப் புல்பேக் கொஞ்சம் நம்பிக்கை தருகிறது, ஆனால் அதுவும் 100 டிரேடைத் தாண்டட்டும். மீறல் அப்படியில்லை. உண்மையையும் திட்டத்தையும் ஒரே டிரேடில் வைத்துக் கழிப்பதால் சந்தையின் சிதறலில் பெரும்பகுதி அடிபட்டுப் போகிறது. துரத்தலைக் கண்டுபிடிக்க எட்டு வரி போதுமாக இருந்தது அதனால்தான்.

அதனால் அடுத்த 50 டிரேடு முடிந்ததும் Qவை மட்டும் மீறல் பெயர்வாரியாகக் கூட்டிப் பாருங்கள்:

```
=SUMIFS(Q:Q,L:L,"ஸ்டாப் தள்ளல்")
```

அப்போது செட்டப் வாரியான கூட்டலைத் திறக்கவே வேண்டாம். திறந்தால் எதையாவது மாற்றச் சொல்லும்.

நேற்றைய ஹை ரிவர்சல்தான் திட்டப்படியே நஷ்டத்தில் இருக்கும் ஒரே செட்டப். 14 டிரேடுதான் ஆகியிருக்கிறது, எனவே தூக்கி எறிய வேண்டாம், அளவைக் கால் பங்காகக் குறைத்து நடத்துங்கள். திட்ட எண்ணிக்கையிலேயே அந்தக் கால் பங்கை எழுதினால் N கட்டம் 250 ரூபாயாக மாறி, ஆர் கணக்கு மற்ற செட்டப்புகளோடு ஒப்பிடும்படியே இருக்கும். ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். அளவு நான்கில் ஒன்றானால் கட்டணமும் நான்கில் ஒன்றாகாது. 200 பங்கு வாங்கும்போது ஆர்டருக்கு 20 ரூபாய் உச்சவரம்பில் நின்ற ப்ரோக்கரேஜ், 50 பங்குக்கு சதவீதக் கணக்குக்கு வந்துவிடும். 90 ரூபாய் சுமார் 34 ஆகும், அதாவது 0.09 ஆர் இருந்தது ஏறக்குறைய 0.14 ஆகும். ரிவர்சலை மற்ற இரண்டோடு ஒப்பிடும்போது ஒவ்வொரு டிரேடுக்கும் அந்த 0.05 ஆரைத் திரும்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.